காலை மூச்சுக் குறிப்பேடு: அமைதி எண் தடுமாறும்போது எங்கே பார்ப்பது

காலையில் கண் விழித்ததும் சில நிமிடம் அமர்ந்து மூச்சைக் கவனிப்பது, பிறகு எத்தனை நிமிடம் அமர்ந்தேன், எவ்வளவு அமைதியாக இருந்தது என்று ஒரு வரி எழுதுவது: ஆறு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். உறவினர்கள், பக்கத்து வீட்டார் என்று ஏழெட்டுப் பேருடைய நோட்டுகளையும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் "எனக்குத் தியானம் வரவில்லை" என்றுதான் தொடங்குவார்கள். நோட்டைப் புரட்டினால் வேறொன்று தெரியும். இருக்கையின் உயரம், மூச்சின் அளவு, அமர்ந்த நேரம், எண் எழுதிய விதம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று பிசகியிருக்கும். அந்தப் பிசகுகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியிலிருந்தே படிக்கத் தொடங்கலாம். ஆனால் அடுத்துவரும் சிறு பகுதியை மட்டும் முதலில் படித்துவிடுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே அதைச் சார்ந்தவை.

முதலில் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்

நான் எல்லோருக்கும் சொல்லும் வரி இதுதான்: தேதி, நிமிடம், அமர்வதற்கு முன் எண், எழுந்திருக்கும்போது எண், கடைசியில் தேவைப்பட்டால் ஓர் எழுத்து. எண் 1 முதல் 5 வரை. பத்து வரை போக வேண்டாம். ஆறுக்கும் ஏழுக்கும் என்ன வேறுபாடு என்று அரைத்தூக்கத்தில் யாராலும் சொல்ல முடியாது.

ஐந்து எண்களுக்கும் உடலில் தெரியும் அடையாளம் வேண்டும். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது இது. 1 என்றால் உட்கார முடியவில்லை, எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. 2 என்றால் உட்கார்ந்தேன், ஆனால் தாடையோ தோளோ இறுகியே இருந்தது. 3 என்றால் இறுக்கமும் இல்லை, இதமும் இல்லை. 4 என்றால் தோள் தானாக இறங்கியது, மூச்சு தானாக மெதுவானது. 5 என்றால் மணி அடித்த பிறகும் எழுந்திருக்க அவசரம் இல்லை. உங்கள் அடையாளங்கள் வேறாக இருக்கலாம், ஆனால் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதப்படாத அளவுகோல் மாதத்துக்கு மாதம் நீளும், சுருங்கும்.

அறிகுறி: எழுந்திருக்கும்போது எண் தினமும் 5, ஆனால் பகலில் எந்த மாற்றமும் தெரியவில்லை

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இது குறையாகவே யாருக்கும் தோன்றாது என்பதுதான். நோட்டு அழகாக இருக்கும். முன் எண் 3, பின் எண் 5, மறுநாளும் அதே. கேட்டால், "ஆழ்ந்து போய்விடுகிறேன், நேரம் போவதே தெரிவதில்லை" என்பார்கள். பலருக்கு அது தூக்கம்.

விழித்தவுடன் மூளை முழுதாக விழித்துவிடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு முதல் 15 முதல் 30 நிமிடம் வரை ஒரு மந்தம் இருக்கும். இரவு போதிய தூக்கம் இல்லை என்றாலோ, ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் அலாரம் எழுப்பிவிட்டது என்றாலோ அது இன்னும் நீளும். அந்த மந்தத்தில் கண்ணை மூடி, அசையாமல், மூச்சை மெதுவாக விட்டால் உடல் விட்ட இடத்திலிருந்து தூக்கத்தைத் தொடர்கிறது. கவலையும் இல்லை, எண்ணமும் இல்லை, ஆகவே "அமைதி" என்று எழுதுகிறோம். அமைதிக்கும் மந்தத்துக்கும் பொதுவானது படபடப்பு இல்லாமை. வேறுபடுத்துவது விழிப்பு ஒன்றுதான். ஒரே ஓர் எண்ணால் இரண்டையும் பிரிக்க முடியாது.

உறுதிசெய்ய எளிய வழி எண்ணிக்கை. ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண், 1 முதல் 10 வரை, பிறகு மீண்டும் 1. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் தவறில்லை, 1-லிருந்து தொடங்கலாம். ஆனால் 13, 14 என்று போய்க்கொண்டிருப்பதைத் திடீரென்று கவனித்தால், அல்லது "நான்கு… மாமா வந்தாரா…" என்று எண்ணிக்கைக்குள் கனவுத் துணுக்குகள் கலந்தால், அது அரைத்தூக்கம். தலை முன்னால் விழுந்து சட்டென்று நிமிர்வதும், நீங்கள் எதிர்பார்த்ததைவிட மிக விரைவில் மணி அடித்ததுபோல் தோன்றுவதும் உடன்வரும் சாட்சிகள். அப்படிப்பட்ட நாளில் வரியின் கடைசியில் "தூ" என்று ஓர் எழுத்து போடுங்கள். எண்ணை மாற்ற வேண்டாம். இரண்டு வாரம் கழித்து "தூ" போட்ட நாட்களைத் தள்ளிவிட்டு மற்றவற்றை மட்டும் பாருங்கள். உண்மையான நிலவரம் அதில் இருக்கும்.

சரிசெய்வது இந்த வரிசையில்: எழுந்ததும் சிறுநீர் கழித்து, முகம் கழுவி, அரை டம்ளர் தண்ணீர் குடித்து, விளக்கைப் போட்டோ சன்னலைத் திறந்தோ வெளிச்சத்தில் அமருங்கள். கட்டிலில் அமராதீர்கள். கண்ணைப் பாதி திறந்து, மூன்று நான்கு அடி தூரத்தில் தரையைப் பாருங்கள். பெரும்பாலோருக்கு இது போதும். போதவில்லை என்றால் விழித்ததிலிருந்து இருபது நிமிடம் கழித்து அமருங்கள். "கண் விழித்த உடனே" என்பதில் எந்த மகிமையும் இல்லை. மற்ற வேலைகள் தலையில் ஏறுவதற்கு முன் என்பதுதான் அதன் பயன்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஏழெட்டு மணி நேரம் தூங்கியும், முகம் கழுவி வெளிச்சத்தில் அமர்ந்தும், வாரக்கணக்கில் "தூ" மட்டுமே விழுகிறது. வீட்டில் உள்ளவர்கள் குறட்டை பலமாக இருக்கிறது, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்கள் என்கிறார்கள். காலையில் தலைவலியும் இருக்கிறது என்றால், அது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு போங்கள்.

அறிகுறி: மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதும் மூச்சு போதாமல் ஆகிறது, அல்லது தலை கிறுகிறுக்கிறது, உதடும் விரல் நுனியும் மதமதக்கின்றன

இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். பார்க்க ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

கிறுகிறுப்பும் மதமதப்பும் வந்தால், நீங்கள் மூச்சு குறைவாக விடவில்லை, அதிகமாக விடுகிறீர்கள். "ஆழமாக மூச்சு விடு" என்று கேட்டுப் பழகியதால் நெஞ்சு நிறைய இழுத்து, முழுவதையும் ஊதித் தள்ளுகிறோம். உடல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது, அதற்கு அவ்வளவு காற்று தேவையில்லை. இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமிலவாயு வழக்கத்தைவிடக் குறைந்துவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன, தலை லேசாகிறது. நரம்புகள் எளிதில் தூண்டப்பட்டு உதடும் விரலும் மதமதக்கின்றன. இதை "சக்தி ஏறுகிறது" என்று எண்ணி மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், மாரடைப்பு என்று பயந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

உறுதிசெய்ய, கையை மூக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். வெளிமூச்சு கையில் பலமாகப் படுகிறதா? பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மூச்சுச் சத்தம் கேட்குமா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால் அளவைக் குறையுங்கள். மூக்கு வழியாகவே, சத்தம் இல்லாமல், வயிறு மட்டும் லேசாக ஏறி இறங்கும்படி சிறிய மூச்சு. வேகத்தைக் குறைக்கலாம், அளவைக் கூட்ட வேண்டாம். கிறுகிறுப்பு ஓரிரு நிமிடத்தில் போய்விடும். அதுவரை கண்ணைத் திறந்து வைத்திருங்கள், எழுந்து நடக்க வேண்டாம்.

மூச்சு போதாமல் திணறுவது இரண்டாவது. இங்கே பெரும்பாலும் காரணம் கட்டுப்பாடு. மூச்சு தானாகவும் நடக்கும், நாம் நடத்தினாலும் நடக்கும். கவனத்தை அதன்மேல் வைத்தவுடன் அறியாமலே நடத்தத் தொடங்கிவிடுகிறோம், சரியான அளவு தெரியாமல் தடுமாறுகிறோம். அப்போது கவனத்தை மூக்கிலிருந்து எடுத்து, தொடைமேல் கிடக்கும் கையின் எடைக்குக் கொண்டுபோங்கள். அல்லது மின்விசிறியின் ஓசையைக் கேளுங்கள். ஒரு நிமிடத்தில் மூச்சு தன் வழிக்குப் போய்விடும். பிறகு ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல் மெல்லத் திரும்பலாம்.

திணறலுக்கு இன்னொரு காரணம் அளவுக்கு மீறிய கணக்கு. திருமந்திரம் மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16, அடக்கி வைக்கும் கும்பகத்துக்கு 64, வெளிவிடும் இரேசகத்துக்கு 32 மாத்திரை நேரம் என்று சொல்கிறது. ஆசானோடு இருந்து நீண்ட நாள் பயில வேண்டிய கணக்கு அது. அதை முதல் வாரமே, படுக்கையிலிருந்து எழுந்த கையோடு, தனியாக முயன்றுவிட்டு "எனக்குப் பதற்றம் கூடுகிறது" என்று வந்தவர்கள் இருவர். மூச்சை அடக்குவதை முற்றிலும் விட்டுவிடச் சொன்னேன். 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே என்றால் ஒரு சுற்று 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகும் என்பதால் அந்தப் பகுதி நீளமாக இருப்பது இதம் தருகிறது. 6 மூச்சும் சிரமமாக இருந்தால் 3 உள்ளே, 4 வெளியே. ஓய்வில் இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவது இயல்பு. அங்கிருந்து ஒரே நாளில் ஆறுக்கு இறங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கர்ப்பிணிகளும், இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் மூச்சடக்கத்தைத் தாங்களாகச் செய்யவே வேண்டாம்.

அமராத வேளையிலும் மூச்சுத்திணறல் இருக்கிறது, படி ஏறினால் வாங்குகிறது, நெஞ்சில் வலியோ அழுத்தமோ வருகிறது என்றால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் இல்லை. அன்றே மருத்துவரைப் பாருங்கள். அதேபோல், கண்ணை மூடியதும் பழைய துயர நிகழ்ச்சி ஒன்று காட்சியாகத் திரும்பத் திரும்ப வந்து நடுங்க வைத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். கண்ணைத் திறந்து, எழுந்து, யாரோடாவது பேசுங்கள். மனநல மருத்துவரின் துணையோடு மட்டும் மறுபடி தொடங்குங்கள்.

அறிகுறி: நான்காவது, ஐந்தாவது நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது, அதிலிருந்து எண் இறங்குகிறது

சம்மணம் இட்டு அமரும்போது முழங்காலின் வெளிப்பக்கத்தை ஒட்டி ஓடும் நரம்பு அழுத்தப்படுகிறது. மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் அந்த அழுத்தமே காரணம். இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்திருந்தால் அழுத்தம் கூடும், முதுகும் கூனும். ஜமக்காளத்தை நான்காக மடித்து, அதன் விளிம்பில் அமருங்கள். முழங்கால் இரண்டும் இடுப்பைவிடத் தாழ்ந்து தரையைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் இன்னொரு மடிப்பு. அதற்கும் இயலாதவர்கள் நாற்காலியில் பாதம் தரையில் படும்படி அமரட்டும், குறிப்பில் எந்த வேறுபாடும் வராது. மரத்த காலோடு சட்டென்று எழுந்து நின்றால் கணுக்கால் மடங்கி விழ நேரும். நீட்டி, உணர்ச்சி திரும்பிய பிறகே எழுங்கள்.

அறிகுறி: அதிக நேரம் அமர்ந்த நாட்களில்தான் அமைதி குறைவாக இருக்கிறது

இதைப் பார்த்துவிட்டு "எனக்கு நீண்ட தியானம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவுகட்டிப் பழக்கத்தையே விட்டவர் ஒருவர். அவருடைய நோட்டிலிருந்து நான்கு வரிகள் (நிமிடம், முன், பின் என்ற வரிசையில்): 6, 3, 4. 18, 1, 2. 7, 3, 4. 20, 1, 3.

பின் எண்ணை மட்டும் பார்த்தால், ஆறேழு நிமிடம் அமர்ந்த நாட்களில் 4; பதினெட்டு, இருபது நிமிட நாட்களில் 2, 3. நீண்ட அமர்வு கெடுக்கிறது என்றுதான் தோன்றும். இப்போது முன் எண்ணைப் பாருங்கள். நீண்ட நாட்கள் இரண்டும் 1-இல் தொடங்கியவை. மனம் கலங்கியிருந்த நாட்களில் "இன்னும் அடங்கவில்லை, இன்னும் ஐந்து நிமிடம் இருப்போம்" என்று நீட்டியிருக்கிறார். நன்றாக இருந்த நாளில் சீக்கிரம் எழுந்துவிட்டார். கலக்கம்தான் நிமிடத்தைக் கூட்டியது. நிமிடம் கலக்கத்தைக் கூட்டவில்லை. இன்னும் கூர்ந்து பார்த்தால் 20 நிமிட நாளில் எண் இரண்டு படி ஏறியிருக்கிறது, அந்த நான்கு நாட்களில் அதுவே பெரிய ஏற்றம். ஆனால் அதையும் நம்பிவிடக்கூடாது. மிகத் தாழ்ந்த எண்ணில் தொடங்கும் நாள், ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் ஓரளவு ஏறத்தான் செய்யும்.

ஆகவே, நிமிடத்தை அமர்வதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். இரண்டு வாரம் தினமும் 8 நிமிடம், கலக்கமோ இதமோ, மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். அடுத்த இரண்டு வாரம் 15 நிமிடம். அப்போதுதான் இரண்டு நீளங்களையும் ஒப்பிட ஏதாவது இருக்கும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: அமைதி வரும்வரை எழமாட்டேன் என்று அமரும்போது, வந்ததா வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். அந்தப் பார்வையே தோளை இறுக்கும். மணிக்கு எழுவது என்று தீர்மானித்துவிட்டால் அந்தக் காவல் வேலை போய்விடுகிறது.

மணியோசையையும் கவனியுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் அதே அலாரச் சத்தத்தை அமர்வின் முடிவுக்கும் வைத்தால், உடல் திடுக்கிடும், பின் எண் ஒரு படி இறங்கும். மெல்லத் தொடங்கும் வேறொரு ஓசை வையுங்கள்.

அறிகுறி: கண் திறக்கும்போது 4 போலிருக்கிறது, எழுதும்போது 2 என்று தோன்றுகிறது

கைப்பேசியில் எழுதுகிறீர்களா? திரையைத் திறந்ததும் வீட்டுக் குழுவின் இருபது செய்திகளும் அலுவலகத்தின் ஒரு செய்தியும் கண்ணில் பட்டிருக்கும். நீங்கள் எழுதிய எண் அந்தச் செய்திகளுக்கானது. ஜமக்காளத்தின் பக்கத்திலேயே பாக்கெட் நோட்டும் பென்சிலும் வைத்து, எழுந்திருப்பதற்கு முன் எழுதுங்கள். கணினியில் சேர்ப்பதை வாரம் ஒருமுறை செய்தால் போதும். முன் எண்ணும் அப்படியே: உட்கார்ந்த முதல் மூன்று மூச்சுக்குப் பிறகு மனத்தில் குறித்துக்கொண்டு, முடிவில் இரண்டையும் சேர்த்து எழுதாமல், உடனே எழுதிவிடுங்கள். முடிவில் எழுதினால், ஏற்றம் காட்ட வேண்டும் என்ற ஆசையில் கை தானாக முன் எண்ணைக் குறைத்துவிடும்.

அறிகுறி: கணினியில் ஏற்றினால் கூட்டுத்தொகை 0, அல்லது பொருந்தாத நேரம் வருகிறது

நிமிடக் கட்டத்தில் "8 நி" என்று தட்டியிருப்பீர்கள். எழுத்து கலந்தால் விரிதாள் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, கூட்டும்போது தாண்டிப்போகும். "நிமிடம்" என்பது தலைப்பில் மட்டும் இருக்கட்டும், கட்டத்தில் 8 மட்டும். ஐந்தரை நிமிடத்தை 5:30 என்று தட்டினால் அது ஐந்து மணி முப்பது நிமிடம் ஆகிவிடும், 5.5 என்று எழுதுங்கள், அல்லது அரை நிமிடத்தை விட்டுவிடுங்கள். நிமிடம் B-யிலும் பின் எண் D-யிலும் இருந்தால் இரண்டு வாரத்துக்கு இது போதும்:

```
=SUM(B2:B15)
=MEDIAN(D2:D15)
```

சராசரிக்குப் பதில் நடு எண்ணைக் கேட்பது, ஒரே ஒரு மோசமான நாள் முழு இரண்டு வாரத்தையும் இழுத்துவிடாமல் இருக்க. அமராத நாளில் பின் எண் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். 0 போட்டால் அது மிகக் கலங்கிய நாளாகக் கணக்கில் சேர்ந்துவிடும். நிமிடக் கட்டத்தில் 0 போடலாம், அது உண்மை.

அமராத நாட்களைப் பற்றி இன்னும் ஒரு சொல். கலங்கிய காலைகளில்தான் பெரும்பாலும் அமர்வு விட்டுப்போகிறது. அதனால் நோட்டு நம் நல்ல காலைகளின் தொகுப்பாக மாறி, நடு எண் உண்மையைவிட உயரமாகத் தெரியும். விட்டுப்போன நாளிலும் தேதி எழுதி, முன் எண்ணை மட்டும் போடுங்கள். அரை நிமிட வேலை அது.

அறிகுறி: காரணமே இல்லாமல் ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் இருக்கிறது

இது என் அத்தையின் நோட்டு. அத்தைக்கு 61 வயது. ஐந்து மணிக்கு எழுந்து, முகம் கழுவி, பூசை அறை வாசலில் மணைமேல் அமர்வார். எல்லாம் ஒழுங்கு. ஆனால் "ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் மனம் எனக்கு அடங்குவதில்லையடா" என்று நோட்டைக் கொடுத்தார். பத்து நாள்:

| நாள் | நிமிடம் | முன் | பின் |
|---|---|---|---|
| 1 | 10 | 3 | 4 |
| 2 | 10 | 3 | 2 |
| 3 | 10 | 3 | 5 |
| 4 | 9 | 2 | 2 |
| 5 | 10 | 3 | 4 |
| 6 | 7 | 3 | 2 |
| 7 | 10 | 3 | 4 |
| 8 | 10 | 2 | 1 |
| 9 | 10 | 4 | 4 |
| 10 | 6 | 3 | 2 |

முதலில் தூக்கம் என்று நினைத்தேன். "தூ" ஒன்றுகூட இல்லை. இரட்டைப்படை நாட்களில் முன் எண் கொஞ்சம்தான் குறைவு, ஆனால் பின் எண் கீழே போகிறது. அதாவது உட்கார்ந்திருக்கும்போது ஏதோ நடக்கிறது. நிமிடமும் அந்த நாட்களில் மட்டும் 9, 7, 6 என்று உடைகிறது. முன் எண்ணும் நிமிடமும் எழுதாமல், பின் எண் மட்டும் எழுதியிருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற ஒழுங்கு மனத்துக்கு இயல்பானதில்லை. நாட்காட்டிக்கோ, வெளியுலகுக்கோ இயல்பானது.

"அத்தை, இந்த நாட்களில் காலையில் வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "தண்ணீர் வரும்" என்றார்.

அவர்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரும், ஐந்தேகாலுக்கும் ஐந்தே முக்காலுக்கும் இடையில் எப்போதாவது. அத்தை ஐந்து பத்துக்கு அமர்கிறார். குழாயில் காற்றுச் சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே இருக்கிறது. 6 நிமிடம், 7 நிமிடம் என்று உடைந்த நாட்கள், சத்தம் கேட்டு எழுந்த நாட்கள். 10 நிமிடம் முழுதாக அமர்ந்த எட்டாம் நாள்தான் மிக மோசம், 1. அன்று மணி அடிக்கும்வரை தண்ணீர் வரவில்லை. பத்து நிமிடமும் காத்திருந்திருக்கிறார்.

இதற்கு மூச்சுப் பயிற்சியில் மருந்து இல்லை. தண்ணீர் நாளில் அமர்வைத் தள்ளச் சொன்னேன். குடம், அண்டா, தொட்டி எல்லாம் நிரம்பி, குழாயை மூடிய பிறகு, ஆறு மணி வாக்கில், 5 நிமிடம் மட்டும். வரியின் கடைசியில் "த" என்று ஓர் எழுத்து. அடுத்த இரண்டு வாரத்தில் "த" நாட்களின் பின் எண் 3 அல்லது 4 ஆக வந்தது, ஒருமுறைகூட 2 இல்லை. மற்ற நாட்களின் 4, 5-ஐ அது முழுதாக எட்டவில்லை, எட்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. குடம் தூக்கிய உடம்பு, அடுப்படியில் காபிக்குக் காத்திருக்கும் மாமா, விடிந்துவிட்ட தெரு எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருக்கின்றன. இரண்டு வகை நாட்களையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சேர்த்து நடு எண் எடுத்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஒன்றுதான் வரும்.

போன மாதம் நோட்டைக் காட்டினார். "த" நாள் ஒன்றில் வரியோரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "தண்ணீர் இன்று வரவே இல்லை. ஆறு மணிவரை பார்த்தேன். பிறகு அமர்ந்தேன். 5, 2, 4."